தீபாவளிக்கு முந்தின ஞாயிறு

2025இல் தீபாவளி திங்கட்கிழமை வந்தது, அக்டோபர் 20. ஜவுளிக்கடை வைத்திருப்பவர்களிடம் இதைச் சொன்னாலே போதும், முந்தின நாள் ஞாயிறு என்பது அவர்களுக்கே மனசில் ஓடிவிடும். போனஸ் கைக்கு வந்திருக்கும், பள்ளிக்கூடம் லீவு, சுற்றுப்பட்டுக் கிராமமெல்லாம் டவுனுக்குள் இறங்கும். கோவில்பட்டியில் கடை வைத்திருக்கும் என் சித்தப்பா அந்த ஒரு நாளை நம்பித்தான் ஆவணியிலிருந்தே சரக்கு எடுப்பார்.

சனிக்கிழமை ராத்திரி ஏழரை மணிக்கு அவருடைய பில்லிங் சாஃப்ட்வேர் கடையையே வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டது.

நான் ஜிஎஸ்டி கணக்கு பார்க்கிறவள். பண்டிகைக்கு ஊருக்குப் போயிருந்தேன், சித்திக்கு அதிரசம் சுட ஒத்தாசையாக அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன். கடையில் பில் போடும் தங்கச்சி போனில் அழுகிற குரலில் பேசினாள். "அக்கா, தானா லாக் அவுட் ஆகிருச்சு. பாஸ்வேர்ட் போட்டுப் போட்டுப் பார்த்தேன். இப்ப `Account locked`னு வருது. அண்ணாச்சி முகத்தப் பாக்கவே பயமா இருக்குக்கா."

அவள் மேல் ஒரு தப்பும் இல்லை. ஆன்லைன் சாஃப்ட்வேரில் கடைக் கம்ப்யூட்டருக்குள் ஒன்றும் இருக்காது. விலைப் பட்டியல், இருப்பு, பழைய பில் எல்லாம் கம்பெனியின் சர்வரில். நம் கையில் இருப்பது ஒரு சாவி மட்டும். அந்தச் சாவியைத் தொலைத்தால் புதுச் சாவி யார் போனுக்கு வரும் என்பதுதான் கேள்வி. கடைக்குப் போய் 'பாஸ்வேர்ட் மறந்துவிட்டது' என்பதை அழுத்திப் பார்த்தேன். கடைசி இரண்டு இலக்கம் மட்டும் தெரிகிற மாதிரி ஒரு மொபைல் எண் வந்தது. சித்தப்பா எண் இல்லை, தம்பி எண்ணும் இல்லை.

"அது நம்ம பழைய அக்கவுண்டன்ட் நம்பர்ல தாயி" என்றார் சித்தப்பா. சாஃப்ட்வேர் வாங்கியபோது அவர்தான் எல்லாம் பதிந்து கொடுத்திருக்கிறார். பணம் கட்டியது சித்தப்பா, ரசீது சித்தப்பா பெயரில், ஆனால் நிர்வாகி என்று கம்பெனிப் பதிவில் இருப்பது அந்த அண்ணனின் எண். நான் கணக்குப் பார்க்கும் கடைகளில் இந்த நிலைமையைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். பட்டா தன் பெயரில் இருக்கிறதா என்று நூறு தடவை பார்க்கிற மனுஷர்கள், கடையின் கணக்கு யார் எண்ணில் திறக்கிறது என்று ஒரு தடவைகூடப் பார்ப்பதில்லை.

அந்த அண்ணன் இப்போது திருப்பூரில் இருக்கிறார். வேறு எண்ணில் கிடைத்தார், நல்ல மனுஷன், பதறிப்போனார். "அந்த சிம்ம விட்டே ரொம்ப நாளாச்சே அண்ணாச்சி. ரீசார்ஜ் பண்ணல, செத்துப்போச்சு." பிரீபெய்டு எண்ணைத் தொண்ணூறு நாள் எதற்குமே பயன்படுத்தாமல், கணக்கில் பணமும் இல்லாமல் விட்டால் கம்பெனிக்காரன் அதை நிறுத்திவிடலாம். அப்புறம் கொஞ்ச காலம் கழித்து வேறு ஆளுக்கும் கொடுத்துவிடலாம். அப்படித்தான் கொடுத்திருந்தார்கள். சித்தப்பா அந்தப் பழைய எண்ணுக்கு அடித்தார். நாமக்கல் பக்கத்திலிருந்து ஒருத்தர் எடுத்தார். சித்தப்பா வெள்ளந்தியாக, "சார், உங்க போனுக்கு ஒரு ஓடிபி வரும், அத மட்டும் சொல்லுங்க, கடை நின்னுபோச்சு" என்று கெஞ்சினார்.

"ஓடிபியா? போலீஸ்ல சொல்லிருவேன்" என்று எதிர்முனை துண்டித்துவிட்டது.

சித்தப்பாவுக்குக் கோபம். எனக்கு அந்த நாமக்கல்காரர் மேல் மரியாதைதான் வந்தது. அவர் செய்ததுதான் சரி. தவிர, அவர் சொல்லியிருந்தாலும் நான் விட்டிருக்க மாட்டேன். அந்த எண் நிர்வாகியாக இருக்கிறவரை முன்பின் தெரியாத ஒருத்தர் கையில் கடையின் மொத்தக் கணக்கும் இருக்கிறது என்று அர்த்தம்.

இதற்குள் தம்பி ஒரு பக்கம் கூகுளில் தேடி ஒரு 'கஸ்டமர் கேர்' எண்ணைப் பிடித்துவிட்டான். ஸ்பீக்கரில் ஒருத்தன் பத்தே நிமிஷத்தில் திறந்து தருகிறேன் என்றான். ஒரு ஆப்பை இறக்கி அதில் வரும் எண்ணைச் சொல்லணுமாம், சரிபார்க்கப் பத்து ரூபாய் அனுப்பணுமாம். நான் போனைப் பிடுங்கிக் கட் பண்ணினேன். பத்து இலக்க மொபைல் எண்ணில் உதவி மையம், திரையைக் காட்டச் சொல்லும் ஆப், சின்னத் தொகை. இந்த மூன்றும் சேர்ந்தால் அது திருட்டு. நம் திரை அவன் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்த பிறகு பத்து ரூபாய்க்காக நாம் அடிக்கிற யுபிஐ ரகசிய எண்ணையும் அவன் பார்ப்பான், வங்கி அனுப்பும் ஓடிபியையும் படிப்பான். பணம் போயிருந்தால் அந்த நிமிஷமே 1930க்கு அடிக்க வேண்டும். நல்லவேளை, ஆப் இறங்கவில்லை.

உண்மையான உதவி எண் சித்தப்பாவின் சந்தா ரசீதின் அடியில் இருந்தது. அடித்தால் பதிவு செய்த குரல்: அலுவலக நேரம் முடிந்துவிட்டது, ஞாயிறு விடுமுறை. இமெயில் அனுப்பினேன். தானாக ஒரு பதில் வந்தது. நிர்வாகி எண்ணை மாற்ற லெட்டர்ஹெட்டில் கடிதம், ஜிஎஸ்டி சான்றிதழ், பான் கார்டு நகல் வேண்டும். சரிபார்க்க இரண்டு மூன்று வேலை நாள் ஆகும். பண்டிகை கழிந்துதான். அதில் கம்பெனியைக் குறை சொல்ல மாட்டேன். கேட்டதும் திறந்து கொடுத்தால் நாளைக்கு எவனும் எவன் கடையையும் திறக்கலாம்.

ஒன்பது மணிக்கு சித்தப்பா கல்லாவில் உட்கார்ந்து, "ஜிஎஸ்டி வந்த பிறகு கம்ப்யூட்டர் பில் இல்லாம வித்தா தப்பு இல்லயா?" என்று கேட்டார். அதைக் கேட்டதும்தான் அவர் எதற்குப் பயந்துபோயிருந்தார் என்று எனக்குப் புரிந்தது. மெஷின் இல்லாவிட்டால் விற்கவே கூடாது என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

தப்பே இல்லை. பில்லில் என்னென்ன இருக்க வேண்டும் என்றுதான் சட்டம் சொல்கிறது, கம்ப்யூட்டரில்தான் போட வேண்டும் என்று சொல்லவில்லை. கடைப் பெயர், முகவரி, ஜிஎஸ்டி எண், வரிசை எண், தேதி, என்ன துணி, எத்தனை, வரிக்கு முந்தைய தொகை, வரி விகிதம், மத்திய வரி, மாநில வரி, கையெழுத்து. அவ்வளவுதான். ஐந்து கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள கடை, ஜிஎஸ்டி பதிவுள்ள இன்னொரு வியாபாரிக்கு விற்கும்போதுதான் இ-இன்வாய்ஸ் என்ற பேச்சு வரும். சித்தப்பா கடைக்கு அதுவும் இல்லை. சில்லறை வாடிக்கையாளருக்கு ஹெச்எஸ்என் எண்கூட அவர் எழுத வேண்டியதில்லை. பெயரும் முகவரியும் ஐம்பதாயிரமோ அதற்கு மேலோ வாங்குகிறவர்களிடம் கேட்டால் போதும். இருநூறு ரூபாய்க்குக் கீழே கர்ச்சீப், பனியன் என்று வாங்கி, பில் வேண்டாம் என்கிறவர்களுக்கு ராத்திரி மொத்தமாக ஒரே பில் எழுதிக்கொள்ளலாம்.

கார்பன் வைத்த பில் புக் எழுதுபொருள் கடையில் கிடைத்தது, ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தவரைப் பிடித்து வாங்கினோம். கடை முத்திரை ஏற்கெனவே இருந்தது, ஜிஎஸ்டி எண்ணோடு. தங்கச்சியும் தம்பியும் ஒவ்வொரு தாளிலும் முத்திரை குத்தினார்கள். வரிசை எண்ணைத் தனியாக D/0001 என்று ஆரம்பிக்கச் சொன்னேன். சாஃப்ட்வேர் எங்கே நின்றதோ அங்கிருந்து தொடரக் கூடாது. கடைசி எண் எது என்று நமக்கே நிச்சயமில்லை, ஒரே எண்ணில் இரண்டு பில் வந்துவிட்டால் கணக்கு தாக்கல் செய்யும்போது வம்பு. ஒரே வருஷத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட வரிசை வைத்துக்கொள்ளலாம். சித்தப்பா 'தீ' என்று போடலாமே என்றார். எனக்கும் ஆசைதான், ஆனால் அந்த எண்ணில் ஆங்கில எழுத்து, எண், கோடு இவற்றுக்குத்தான் இடம்.

இதெல்லாம் சுலபம். உண்மையான சிக்கல் விலையில் இருந்தது.

பழைய சரக்கின் சீட்டில் விலை அச்சாகியிருந்தது. தீபாவளிக்கு வந்த புதுச் சரக்கில் பாதிக்கு மேல் பார்கோடு மட்டும்தான். சீட்டை ஸ்கேன் செய்தால் விலை திரையில் வரும் என்ற நம்பிக்கையில் அப்படி ஒட்டியிருக்கிறார்கள். இப்போது திரை இல்லை. அலமாரி நிறைய சேலை, எது என்ன விலை என்று யாருக்கும் தெரியாது.

சித்தப்பா ஒரு சேலையை எடுத்து, சீட்டைக் கண்ணாடிக்குக் கீழே பிடித்தார். பார்கோட்டுக்கு அடியில், யாரும் கவனிக்காத மாதிரி மூன்று எழுத்து. "அடக்கம் 850. இது 1,260 போடு" என்றார்.

பழைய ஜவுளிக்கடைக்காரர்களிடம் இது உண்டு. ஒன்று முதல் சைபர் வரை பத்து எண்ணுக்கும் பத்து எழுத்து. ஒரே எழுத்து இரண்டு தடவை வராத ஒரு சொல்லை வீட்டுக்குள் வைத்துக்கொள்வார்கள். அடக்க விலையை அந்த எழுத்தில் சீட்டில் எழுதிவிடுவார்கள். பேரம் பேசும்போது எவ்வளவு வரை இறங்கலாம் என்று விற்கிற ஆளுக்குத் தெரியும், வாங்குகிறவருக்குத் தெரியாது. சித்தப்பா கடையின் சொல்லைத் தாத்தா தேர்ந்தெடுத்தார், அதை இங்கே எழுத மாட்டேன். சாஃப்ட்வேர் போட்டபோது அந்த எழுத்து எதற்கு என்று எல்லாரும் கேட்டார்களாம், சித்தப்பா பிடிவாதமாக வைத்துவிட்டார்.

நடு ராத்திரி வரை அவர் எழுத்தைப் படித்து விலை சொன்னார், கடைப் பிள்ளைகள் பென்சிலில் சீட்டின் பின்னால் எழுதினார்கள். அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. கையால் பில் எழுதும்போது நேரத்தைத் தின்பது வரிக் கணக்கு. விலைக்குள்ளேயே ஐந்து சதவீத வரி அடங்கியிருந்தால், விலையை 21ஆல் வகுத்தால் வரி வந்துவிடும். 105இல் 5 என்பது 21இல் ஒன்று, அவ்வளவுதான். 1,260 ரூபாய்ச் சேலையில் வரி 60. மத்தியத்துக்கு 30, மாநிலத்துக்கு 30, வரிக்கு முன் 1,200. அப்படியென்றால் விலையையே 210இன் மடங்காக வைத்துவிட்டால்? 420க்கு வரி 20, 630க்கு 30, 840க்கு 40, 1,050க்கு 50. தள்ளுபடி போக 649, 849 என்று நின்ற விலைகளையெல்லாம் சித்தப்பா பக்கத்திலிருந்த மடங்குக்குக் குறைத்தார். சில இடத்தில் பத்து இருபது ரூபாய் போயிற்று. "போகட்டும், கூட்டம் நிக்காம நகரணும்" என்றார்.

சேலைக்கும் வேட்டிக்கும் கவலை இல்லை. அவை துணிக் கணக்கில் வரும், பன்னிரண்டாயிரம் ரூபாய்ப் பட்டுக்கும் ஐந்து சதவீதம்தான். ரெடிமேடில்தான் பார்த்து நடக்க வேண்டும். அந்த வருஷம் செப்டம்பர் 22 முதல் விகிதம் மாறியிருந்தது. ஒரு உருப்படி 2,500 ரூபாய் வரை ஐந்து சதவீதம், அதற்கு மேல் பதினெட்டு. 2,500 என்பது வரிக்கு முந்தைய தொகை, தள்ளுபடி கழித்த பிறகு.

சின்னப் பெண்களுக்கான லெஹங்கா ஒரு அடுக்கு இருந்தது. 2,990 ரூபாய், பத்து சதவீதத் தள்ளுபடியில் 2,691. இதற்கு எந்த வரி என்று கணக்குப் போட்டேன். ஐந்து சதவீதம் என்று வைத்தால் வரிக்கு முன் 2,562 சொச்சம். 2,500ஐத் தாண்டிவிட்டது, அதனால் ஐந்து செல்லாது. சரி, பதினெட்டு என்று வைத்தால் வரிக்கு முன் 2,280 சொச்சம். 2,500க்குள் வந்துவிட்டது, அதனால் பதினெட்டும் செல்லாது! வரியோடு சேர்த்து 2,625க்கு மேல், 2,950 வரை எந்த விலை வைத்தாலும் இப்படித்தான். எந்த விகிதமும் பொருந்தாத ஒரு பள்ளம் அது. சாஃப்ட்வேர் ஏதோ ஒரு விகிதத்தைப் போட்டு அச்சடித்துக்கொண்டிருந்தது, யாரும் கேட்கவில்லை. கையால் எழுதும்போது பேனா அங்கே நின்றுவிட்டது.

"அப்ப 2,625க்கே குடுத்துருவோம்" என்றார் சித்தப்பா, மனசில்லாமல்.

நான் இன்னொரு கணக்கும் போட்டுக் காட்டினேன். தள்ளுபடியே இல்லாமல் 2,990க்கு விற்றால் பதினெட்டு சதவீத வரி போக அவர் கையில் நிற்பது 2,534 ரூபாய்க்குப் பக்கம். 2,625க்கு விற்றால் 125 ரூபாய் வரி போக 2,500. வாங்குகிறவருக்கு 365 ரூபாய் மிச்சம், சித்தப்பாவுக்குக் குறைவது 34 ரூபாய். அவர் அந்தத் தாளை வாங்கி மறுபடி தானே வகுத்துப் பார்த்தார். பிறகு தம்பியைக் கூப்பிட்டு, லெஹங்காவை உள் அலமாரியிலிருந்து எடுத்து வாசல் பக்கம் தொங்கவிடச் சொன்னார்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கே கூட்டம். ஒரு மேஜை இருந்த இடத்தில் மூன்று மேஜை போட்டோம், மேஜைக்கு ஒரு பில் புக். எண்கள் மோதாதபடி முதல் மேஜைக்கு 1 முதல் 300 வரை, அடுத்ததற்கு 301 முதல் என்று முன்கூட்டியே பிரித்துவிட்டோம். யுபிஐ அட்டையும் கார்டு மெஷினும் சாஃப்ட்வேரோடு ஒட்டாமல் தனியாக இருந்ததால் அவை ஓடின. விலைச்சீட்டின் கீழ்ப்பாதியைக் கிழித்துக் கடைக்கான நகலோடு பின் அடிக்க வேண்டும், இதைத் தங்கச்சி காவல்காரி மாதிரி பார்த்துக்கொண்டாள். அந்தக் கீழ்ப்பாதியில்தான் பார்கோடு இருக்கிறது. அது போனால் என்ன விற்றது என்று பிறகு கண்டுபிடிக்கவே முடியாது. பதினெட்டு சதவீதத் துணி வந்தால் தனி பில். மற்றதெல்லாம் ஒரே பில்லில், மொத்தத்தை 21ஆல் வகுத்து. தப்பாக எழுதிய பில்லைக் கிழிக்கக் கூடாது, இரண்டு நகலுக்கும் குறுக்கே கோடு போட்டு புக்கிலேயே விட வேண்டும். மாதக் கணக்கில் எத்தனை எண் ரத்து என்று காட்ட வேண்டியிருக்கிறது.

கழுகுமலையிலிருந்து வந்த ஒரு பெரியவர் பில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்ன அண்ணாச்சி, கையில எழுதிக் குடுக்கீங்க? துணி சாயம் போனா மாத்தித் தருவீங்களா?"

"என் கையெழுத்து இருக்குல்ல ஐயா. எப்பனாலும் வாங்க" என்றார் சித்தப்பா.

மதியம் ஒரு நேரம் வரிசை வாசலைத் தாண்டிப் போனது. ஒரு குடும்பம் பொறுக்காமல் துணியை வைத்துவிட்டு எதிர்க் கடைக்குப் போனதை நானே பார்த்தேன். போன வருஷத்தைவிட வியாபாரம் குறைவுதான், கூட இருந்து பார்த்த எனக்கு அதில் சந்தேகமில்லை. ஆனால் கடை சாத்தவில்லை. லெஹங்கா அடுக்கு மத்தியானத்துக்குள் தீர்ந்தது.

தீபாவளி முடிந்து கடிதமும் சான்றிதழும் சரிபார்க்கப்பட்டுக் கணக்கு திறந்தது. தங்கச்சி ஆசையாகச் சீட்டுகளை ஸ்கேன் செய்து புது பில் போட ஆரம்பித்தாள், நான் தடுத்தேன். அப்படிப் போட்டால் ஒரே விற்பனைக்கு இரண்டு பில் ஆகிவிடும், இரண்டு தடவை வரி கட்ட வேண்டி வரும். சாஃப்ட்வேரில் D என்று தனி வரிசை ஒன்றை உண்டாக்கி, கையால் எழுதிய அதே எண், அதே தேதி, அதே தொகை என்று ஏற்றினோம். சீட்டை ஸ்கேன் செய்ததால் இருப்பும் தானாகக் கழிந்தது. நான்கு சீட்டுக்கு மட்டும் பில் கிடைக்கவே இல்லை. மூன்று, மாற்றிக்கொள்ள வந்தவர்கள் திருப்பிக் கொடுத்த துணி. ஒன்று சித்தியின் சேலை.

நிர்வாகி எண் இப்போது சித்தப்பாவுடையது, இரண்டாவது நிர்வாகியாகச் சித்தி எண்ணையும் சேர்த்தோம். பில் போடுகிறவர்களுக்கு ஆளுக்கொரு தனி லாகின், ஒருத்தர் பாஸ்வேர்டைத் தப்பாக அடித்தாலும் அவர் லாகின் மட்டும்தான் பூட்டும். சனிக்கிழமை கடை சாத்தும் முன்பு விலைப் பட்டியலையும் இருப்பையும் எக்செல்லாக இறக்கிப் பென் டிரைவில் வைப்பது தம்பி வேலை. சீட்டில் விலை அச்சடிக்காமல் இனி ஒரு துணிகூட அலமாரிக்குப் போகாது, அடக்க எழுத்தும் அதன் கீழேயே இருக்கும்.

கிளம்புகிற அன்று சித்தப்பா ரெடிமேடு விலைப் பட்டியலை அச்சடித்து என் முன்னால் வைத்தார். 2,625க்கும் 2,950க்கும் நடுவில் நின்ற ஒவ்வொன்றையும் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டிருந்தார்.

"இதுல எத இறக்கணும், எத ஏத்தணும்னு பொங்கல் சரக்கு வர்றதுக்குள்ள சொல்லிரு தாயி."